ஏற்ற இறக்க விற்பனைக்கு ஏற்ற கடன் எது?

இணையத்தில் பொருள் விற்கும் சிறு நிறுவனங்களை நடத்தும் வாடிக்கையாளர்கள் அண்மைக்காலமாக ஒரே கேள்வியைக் கேட்கின்றனர். "எங்கள் விற்பனை மாதத்துக்கு மாதம் மாறுகிறது. மாதந்தோறும் ஒரே தொகையைக் கட்டச் சொல்லும் வங்கிக் கடன் எங்களுக்கு எப்படிப் பொருந்தும்? விற்பனையில் ஒரு பங்கை மட்டும் செலுத்தும் நிதி கிடைக்கும்போது அதைத்தானே நாடவேண்டும்?" கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆயினும், விற்பனை ஏறி இறங்குகிறது என்பது மட்டும் அதற்குப் போதிய காரணமன்று என்பது நமது கருத்து. முன்கூட்டியே தெரிந்த ஏற்ற இறக்கம் வேறு. எவராலும் கணிக்க இயலாத ஏற்ற இறக்கம் வேறு. தவணைக் கடன் தருவது நமது தொழில் என்பதால் வாசகர் நம்மீது சற்று ஐயம் கொள்வது இயல்பே. அதனால்தான் கணக்கை முழுமையாகவே கீழே தருகிறோம்.

டேர்ம் லோன் எனப்படும் தவணைக் கடனை விளக்க வேண்டியதில்லை. குறைந்துவரும் நிலுவைக்கு வட்டி, மாதந்தோறும் ஒரே இஎம்ஐ, குறித்த காலத்தில் முடிவு. ரெவின்யூ பேஸ்டு ஃபைனான்சிங் எனப்படும் வருவாய்ப் பங்கு நிதியில் வட்டி விகிதம் என்ற பேச்சே எழுவதில்லை. வாங்கும் தொகையோடு ஒரு நிலையான கட்டணம் முதலிலேயே சேர்க்கப்படும். அந்த மொத்தத் தொகை அடையும் வரை, ஒவ்வொரு மாத விற்பனையிலும் ஒப்புக்கொண்ட சதவீதத்தை நிதி தருபவர் எடுத்துக்கொள்வார். பெரும்பாலும் இப்பங்கு பேமெண்ட் கேட்வேயிலிருந்தோ எஸ்க்ரோ கணக்கிலிருந்தோ நேரடியாகப் பிரிந்து போய்விடும். மீதிதான் விற்பவர் கைக்கு வரும்.

கணக்குக்காக ஒரு நிறுவனத்தை அமைத்துக்கொள்வோம். ஜெய்ப்பூரை அடுத்த சாங்கானேரில் மரக்கட்டை அச்சுப் பதித்த படுக்கை விரிப்புகளைத் தன் இணையதளத்திலும் பெரிய விற்பனைத் தளங்களிலும் விற்கிறது. தீபாவளிச் சரக்குக்காக ஆகஸ்ட் தொடக்கத்தில் 20 லட்சம் ரூபாய் தேவை. எதிர்பார்க்கும் விற்பனை: ஆகஸ்டில் 10 லட்சம், செப்டம்பரில் 14, அக்டோபரில் 34, நவம்பரில் 30, டிசம்பரில் 14. அதன்பின் ஜனவரியிலும் மார்ச்சிலும் 10 லட்சம், பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் 9 லட்சம், மே மாதத்தில் 8 லட்சம். மே மாதமே ஆண்டின் மிகத் தாழ்ந்த நிலை.

வருவாய்ப் பங்கு நிதி தருபவர் 8 சதவீதக் கட்டணம் கேட்கிறார், அதாவது 1.6 லட்சம். மொத்தம் 21.6 லட்சம் அடையும் வரை விற்பனையில் 15 சதவீதம் அவருக்குச் சேரும். வங்கியோ 14 சதவீத ஆண்டு வட்டியில், 24 மாதத் தவணையில் தருகிறது. இஎம்ஐ ஏறத்தாழ 96,000 ரூபாய். எட்டு எங்கே, பதினான்கு எங்கே என்று உரிமையாளர் முடிவெடுத்துவிடக்கூடும். இங்கேதான் முதல் சறுக்கல் நிகழ்கிறது.

எட்டு என்பது ஆண்டு வட்டி விகிதமன்று. மேற்கண்ட விற்பனைப்படி பார்த்தால், ஆகஸ்டில் 1.5 லட்சம், செப்டம்பரில் 2.1, அக்டோபரில் 5.1, நவம்பரில் 4.5 என்று நான்கே மாதங்களில் 13.2 லட்சம் திரும்பிப் போய்விடுகிறது. மே மாதத்தில் கணக்கு முடிகிறது. 20 லட்சமும் ஓராண்டு முழுவதும் கையில் இருந்திருந்தால் 8 சதவீதம் என்று சொல்லலாம். உண்மையில் சராசரியாக நாலரை மாதமே பணம் கையில் இருந்தது. இதை ஆண்டு வட்டியாக மாற்றினால் ஏறத்தாழ 21 சதவீதம் வருகிறது. இன்னொரு விந்தையும் உண்டு. தீபாவளி எதிர்பார்த்ததைவிடச் சிறப்பாக அமைந்து, அக்டோபரிலும் நவம்பரிலும் 50 லட்சம் வீதமும் டிசம்பரில் 20 லட்சமும் விற்றால், கடன் டிசம்பரிலேயே தீர்ந்துவிடும். கட்டணம் அதே 1.6 லட்சம்தான். அப்போது ஆண்டு வட்டி ஏறத்தாழ 28 சதவீதம் ஆகிறது. விற்பனை ஓங்க ஓங்கப் பணத்தின் விலை ஏறுகிறது என்று பொருள்.

இருப்பினும், விலை கூடுதல் என்பதற்காகவே ஒன்றைத் தள்ளிவிடக் கூடாது. மந்தமான மாதங்களில் சுமை குறையும் என்றால் அதற்கு ஒரு விலை கொடுக்கலாம். ஆனால் உண்மையிலேயே குறைகிறதா? இதை அறிய ஒரே ஒரு வகுத்தல் போதும். இஎம்ஐ தொகையைப் பங்கு விகிதத்தால் வகுக்கவேண்டும். 96,000 ரூபாயை 15 சதவீதத்தால் வகுத்தால் 6.4 லட்சம் கிடைக்கிறது. மாத விற்பனை 6.4 லட்சத்துக்குக் கீழே இறங்கினால்தான் பங்குத் தொகை இஎம்ஐயைவிடக் குறையும். நமது நிறுவனத்தின் மிக மோசமான மாதத்திலேயே விற்பனை 8 லட்சம். ஆக, கணக்கு முடியும் மே மாதத்தின் மிச்சத் தொகை நீங்கலாக, நெகிழ்வானது என்று பெயர் பெற்ற இந்த நிதி ஒவ்வொரு மாதமும் இஎம்ஐயைவிட அதிகமாகவே எடுத்துச் செல்கிறது. பத்து மாதத்தில் முடிந்துவிடுகிறது என்பது மட்டுமே அதற்குரிய ஆறுதல்.

ஏப்ரல் மாதத்தைப் பாருங்கள். துணி, அச்சுக் கூலி, கூரியர், விளம்பரம், தளக் கட்டணம் எல்லாம் போக நூறு ரூபாய் விற்பனையில் 22 ரூபாய் நிற்கிறது என்று கொள்வோம். 9 லட்சத்துக்கு 1.98 லட்சம். இதிலிருந்துதான் வாடகையும் சம்பளமுமாக 1.1 லட்சம் கொடுக்கவேண்டும். பங்குத் தொகையான 1.35 லட்சம் போனால் மிஞ்சுவது 63,000; வாடகைக்கும் சம்பளத்துக்கும் 47,000 குறைகிறது. இஎம்ஐ கட்டியிருந்தால் குறைவு 8,000 மட்டுமே. பங்கு என்பது விற்பனையில் எடுக்கப்படுவது, இலாபத்தில் அன்று என்பதை இந்த ஒரு மாதமே காட்டிவிடுகிறது.

அப்படியானால் தவணைக் கடனே போதுமா? தீபாவளி வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. 2023-இல் நவம்பர் 12, 2025-இல் அக்டோபர் 20 என நாள் முன்பின்னாக நகருமே தவிர, வராமற் போவதில்லை. இத்தகைய ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்கும் பொறுப்பைக் கடனிடம் விடாமல், நம் சேமிப்பிடம் விடலாம் என்பதே நமது வாதம். உரிமையாளர் நவம்பர் இறுதியில் பண்டிகை வரவிலிருந்து 9 லட்சத்தை முன்கூட்டியே கட்டிவிட்டு, இஎம்ஐயை மாற்றாமல் தொடர்ந்தால், 24 மாதக் கடன் 13-ஆம் மாதத்தில் முடிகிறது. மொத்த வட்டி 3.05 லட்சத்திலிருந்து 1.35 லட்சமாகக் குறைகிறது. 1 சதவீதச் செயலாக்கக் கட்டணமும் அதற்கான ஜிஎஸ்டியும் சேர்ந்தால் 1.59 லட்சம், ஏறத்தாழ அந்த 1.6 லட்சமே. ஆனால் பணம் கூடுதல் காலம் கையில் இருக்கிறது; முன்கூட்டிக் கட்டுவதா, எவ்வளவு கட்டுவதா என்ற முடிவும் உரிமையாளரிடமே இருக்கிறது. 2026 ஜனவரி 1 முதல் வழங்கப்படும் மாறும் வட்டித் தொழிற்கடன்களில், தனிநபரிடமும் குறு, சிறு நிறுவனங்களிடமும் முன்செலுத்தல் கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி வணிக வங்கிகளுக்குப் பணித்துள்ளது. நிலையான வட்டிக் கடனாயின் விதி வேறு, கையெழுத்திடுமுன் கேட்டறிக. வருவாய்ப் பங்கு நிதியிலோ, கட்டணம் முதலிலேயே முடிவாகிவிடுவதால், தள்ளுபடி தருவதாக ஒப்பந்தம் சொன்னாலன்றி முன்னதாகத் தீர்ப்பதில் இலாபம் இல்லை.

நம் பக்கத்துக் குறையையும் மறைப்பதற்கில்லை. வங்கிக் கடன் நாள் பிடிக்கும். வருமான வரிக் கணக்கு, ஜிஎஸ்டி கணக்கு, வங்கி அறிக்கை எனக் கோப்பு நீளும். ஜூலை இறுதியில் விண்ணப்பித்துவிட்டு ஆகஸ்டில் துணி வாங்க எண்ணினால் ஏமாற்றமே மிஞ்சும். மே மாதத்திலேயே தொடங்கவேண்டும். பிணையம் இல்லாதோர் சிஜிடிஎம்எஸ்இ உத்தரவாதத் திட்டத்தின் கீழ்க் கடன் கிடைக்குமா என்று கிளையில் கேட்கலாம். உத்தரவாதக் கட்டணம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, விற்பனை படுத்துவிட்டாலும் இஎம்ஐ நிற்காது. தொண்ணூறு நாளுக்கு மேல் நிலுவை நின்றால் அது வாராக் கடன்.

ஆகவேதான் புதிய நிறுவனத்துக்கும், புதிதாக ஒரு பொருளை இறக்குபவருக்கும் வருவாய்ப் பங்கு நிதி பொருத்தமாக அமையலாம் என்கிறோம். மூன்று தீபாவளிகளைக் கண்டிராத நிறுவனத்தின் தாழ்ந்த மாதம் 8 லட்சமா, 3 லட்சமா என்று எவரும் சொல்ல இயலாது. 3 லட்சம் விற்ற மாதத்தில் 96,000 கட்டுவதைவிட 45,000 கட்டுவது உயிரைக் காக்கும். அந்தக் காப்புக்கு 21 சதவீதம் கொடுப்பதில் தவறில்லை. இந்தப் பணத்தையும் சில மாதங்களில் விற்று வரவாகும் சரக்குக்கோ விளம்பரத்துக்கோ மட்டுமே பயன்படுத்தவேண்டும். அச்சு மேசையோ தையல் இயந்திரமோ வாங்க இது ஏற்றதன்று.

அப்படித் தேர்ந்தெடுப்போர் ஒப்பந்தத்தில் இரண்டு இடங்களை நிறுத்திப் படிக்கவேண்டும். ஒன்று, விற்பனை என்பதற்கு அங்கே தரப்பட்டுள்ள பொருள். நூறு ரூபாய்க்கு ஆர்டர் வந்து, இருபது ரூபாய்ச் சரக்கு திரும்பி வந்து, மீதி எண்பதில் 5 சதவீத ஜிஎஸ்டி அடங்கியிருந்தால், நமக்குரிய விற்பனை 76 ரூபாய்தான். பங்கு நூறுக்குக் கணக்கிடப்பட்டால், 15 சதவீதம் என்பது நடைமுறையில் ஏறத்தாழ 20 சதவீதம். கேஷ் ஆன் டெலிவரியில் பொருள் திரும்புவது மிகுதி என்பதை ஆடை விற்போர் அறிவர். மற்றொன்று, மாதக் குறைந்தபட்சத் தொகையோ இறுதிக் கெடுவோ உண்டா என்பது. இருந்தால், மந்த மாதத்தின் சலுகை அங்கேயே போய்விடுகிறது. உயர்ந்த விலை கொடுத்து இன்னொரு இஎம்ஐயை வாங்கியதாகத்தான் முடியும்.

2024 அக்டோபர் 1 முதல், குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான தவணைக் கடன்களுக்கு முக்கிய விவரங்கள் அடங்கிய அறிக்கை ஒன்றை வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தரவேண்டும். எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விகிதம் அதில் இருக்கும். வருவாய்ப் பங்கு நிதி தரும் தளம் அதே தாளைத் தருகிறதா என்று கேளுங்கள். இது கடனே அன்று, வரவேண்டிய தொகையை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு என்று பதில் வந்தால், அந்த ஆண்டு விகிதத்தைக் கணக்கிடும் வேலை உங்களுடையது. எக்ஸ்எல்லில் முதல் வரியில் வாங்கிய தொகையை நேர்க்குறியுடனும், கீழே மாதவாரியாகச் செலுத்தும் தொகையை எதிர்க்குறியுடனும் எழுதி, `=IRR(A1:A11)*12` என்று இட்டால் விடை வரும். ஜனவரியில், பாதிக்கு மேல் தீர்ந்த நிலையில், "இன்னொரு 15 லட்சம் தருகிறோம்" என்று அழைப்பு வரும்போதும் இதே கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள். மந்த மாதங்கள் முன்னிருக்க இரண்டாவது பங்கையும் ஏற்றால், நூற்றுக்கு 22 ரூபாய் நிற்கும் வணிகத்தில் ஏப்ரல் சம்பளத்துக்குப் பணம் இருக்காது.