கி.மு.வுக்கும் கி.பி.க்கும் நடுவே இல்லாத ஓர் ஆண்டு



சென்ற கிழமை என் தங்கையின் மகள் ஒரு கொப்பியோடு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். உயர்தர வகுப்பில் படிக்கும் பிள்ளை. முகம் வாடியிருந்தது.

"மாமா, இந்தக் கணக்கை ஒருக்கா பாருங்க. நான் பிழையா, டீச்சர் பிழையா?"

கொப்பியில் இருந்த கேள்வி இதுதான்: உரோமின் முதற் பேரரசர் ஒகஸ்டஸ் கி.மு. 63ஆம் ஆண்டு செப்டம்பர் 23இல் பிறந்தார். கி.பி. 14ஆம் ஆண்டு ஓகஸ்ட் 19இல் இறந்தார். இறக்கும்போது அவருக்கு என்ன வயது? (நாம் ஓகஸ்ட் என்று சொல்லும் மாதத்துக்குப் பெயர் கொடுத்தவரும் இந்த மனிதர்தான்.)

பிள்ளை 75 என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் அதை வெட்டி, பக்கத்தில் 76 என்று திருத்தியிருந்தது. வகுப்பில் சொல்லிக்கொடுத்த வழி இப்படி: கிறிஸ்துவுக்கு முன் 63, பின் 14, இரண்டையும் கூட்டினால் 77. அவர் இறந்த ஓகஸ்டில் அந்த வருடத்துப் பிறந்தநாள் இன்னும் வரவில்லை. ஆகவே ஒன்றைக் குறைத்து 76.

"அப்ப நீ எப்படி 75 எழுதினாய்?" என்று கேட்டேன்.

"லைப்ரரியில ஒரு புத்தகத்தில 75 வயசில் மௌத்தானார் என்று இருந்திச்சு. ஆனா கணக்குப் போட்டா 76தான் வருது. டீச்சர் கேட்டப்ப எனக்குக் காட்டத் தெரியேல்ல."

இதுதான் சங்கடம். விடை சரி, அதற்கு வழி காட்டத் தெரியவில்லை. அவளுடைய உம்மாவோ, "டீச்சரோட வாதாடாதே, 76 என்று எழுதிப்போட்டு வா" என்று சொல்லியிருக்கிறாள். நான் அப்படிச் சொல்ல விரும்பவில்லை. வாசகர்களில் பலருடைய பிள்ளைகளும் இந்த இடத்தில் இடறியிருக்கக்கூடும் என்பதால், அன்று அவளுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

பிள்ளையின் கையில் இருந்த அடிமட்டத்தை வாங்கிக் காட்டினேன். அதில் முதலில் இருப்பது பூச்சியம். பிறகுதான் 1. பூச்சியத்துக்கு இந்தப் பக்கம் இரண்டு அங்குலம், அந்தப் பக்கம் மூன்று அங்குலம் என்றால் கூட்டிவிடலாம், ஐந்து அங்குலம். அங்கே பிழை வராது. நம்முடைய ஆண்டுக் கணக்கு அடிமட்டம் போன்றதல்ல. அதில் பூச்சியம் கிடையாது. கி.மு. 1ஆம் ஆண்டு டிசம்பர் 31 இரவு முடிந்தால் விடிவது கி.பி. 1ஆம் ஆண்டு ஜனவரி 1.

அதைவிட ஒரு தெருவை நினைத்துக்கொள்வது நல்லது. தெருவின் நடுவில் ஒரு கல் நட்டிருக்கிறது. கல்லுக்கு வலப்பக்கம் 1, 2, 3 என்று வீடுகள். இடப்பக்கமும் 1, 2, 3 என்று வீடுகள். இலக்கம் போடாத வீடு எதுவும் நடுவில் இல்லை. இடப்பக்கத்து 2ஆம் வீட்டு வாசலிலிருந்து வலப்பக்கத்து 2ஆம் வீட்டு வாசலுக்கு நடந்து பாருங்கள். முதலில் இடப்பக்கத்து 1ஆம் வீடு, அடுத்தது வலப்பக்கத்து 1ஆம் வீடு, அதற்கடுத்தது நீங்கள் தேடிய வீடு. ஆக, மூன்று வீட்டுத் தூரம். இரண்டும் இரண்டும் நாலு என்று போட்டவர் ஒரு வீடு கூடுதலாக நடந்துவிடுவார்.

ஆண்டு என்பது அந்த வீட்டைப் போன்றது. 14 என்பது அடிமட்டத்தில் உள்ள ஒரு கோடு அல்ல, பன்னிரண்டு மாதம் நீண்ட ஒரு வீட்டின் இலக்கம். அதனால்தான் கல்லைத் தாண்டிக் கணக்கிடும்போது இரண்டு இலக்கங்களையும் கூட்டி ஒன்றைக் கழிக்கவேண்டும்.

இப்போது ஒகஸ்டஸிடம் வருவோம். 63உம் 14உம் 77. ஒன்றைக் கழித்தால் 76. கி.பி. 14 செப்டம்பர் 23 வந்திருந்தால் அவருக்கு 76 பூர்த்தியாகியிருக்கும். அவர் இறந்தது ஓகஸ்ட் 19. ஆகவே பூர்த்தியானது 75தான். டீச்சர் ஒரு தடவை ஒன்றைக் கழித்தது பிறந்தநாளுக்காக. இல்லாத ஆண்டுக்காக இன்னொரு தடவை கழிக்க மறந்துவிட்டார். இரண்டும் வேறு வேறு காரணங்கள். ஒன்றைக் கழித்தால் மற்றது தீர்ந்துவிடாது.

சூத்திரத்தில் நம்பிக்கை இல்லையென்றால் பிறந்தநாட்களை எண்ணிப் பார்க்கலாம். பிள்ளையை அப்படித்தான் எண்ண வைத்தேன். கி.மு. 62இல் அவருக்கு ஒரு வயது பூர்த்தி. அப்படியே இறங்கி வந்தால் கி.மு. 1இல் 62 பூர்த்தி. அடுத்த பிறந்தநாள் கி.பி. 1இல், 63 பூர்த்தி. கி.பி. 13இல் 75 பூர்த்தி. அதற்கடுத்த பிறந்தநாளை அவர் காணவில்லை.

இதற்குச் சாட்சியும் இருக்கிறது. ஒகஸ்டஸின் வரலாற்றை எழுதிய சுவெட்டோனியஸ் என்ற உரோம ஆசிரியர், பேரரசர் தமது 76ஆவது பிறந்தநாளுக்கு 35 நாட்கள் இருக்கையில் இறந்தார் என்று குறித்துவைத்திருக்கிறார். ஓகஸ்ட் 19இலிருந்து மாத முடிவுக்கு 12 நாள், செப்டம்பரில் 23 நாள், மொத்தம் 35. சுவெட்டோனியஸ் காலத்தில் கி.மு., கி.பி. என்ற பேச்சே கிடையாது. ஆகவே அவர் நம்முடைய தவறில் விழுந்திருக்க வழியில்லை. அவர் எண்ணியது மனிதரின் வயதை.

ஏன் இப்படிப் பூச்சியம் இல்லாமல் விட்டார்கள் என்று பிள்ளை கேட்டாள். நியாயமான கேள்வி. கி.பி. 525இல் டயோனீசியஸ் எக்சிகூஸ் என்ற துறவி ஈஸ்டர் பண்டிகை வரும் நாட்களுக்கு ஓர் அட்டவணை போட்டபோது இந்த ஆண்டுக் கணக்கு பிறந்தது. ஆண்டுக்கு அவர் வைத்தது "இத்தனையாவது ஆண்டு" என்ற வரிசை இலக்கம். வரிசை எப்போதும் முதலாவதில்தான் தொடங்கும். பூச்சியமாவது என்று யாரும் சொல்வதில்லை. இங்கிலாந்துத் துறவி பீட் 731இல் முடித்த தம் வரலாற்று நூலில், கிறிஸ்துவுக்கு முந்திய ஆண்டுகளையும் அதே போக்கில் பின்னோக்கிக் குறித்தார். உரோம எழுத்து இலக்கங்களில் பூச்சியத்துக்குக் குறியும் இல்லை. நம்முடைய ஹிஜ்ரி ஆண்டும் 1இல்தான் தொடங்குகிறது. ஹிஜ்ரத்துக்கு முந்திய ஆண்டுகளைப் பின்னோக்கி எண்ணும்போதும் இதே கவனம் தேவை.

ஒன்றைக் கழிக்கும் விதி கல்லைத் தாண்டும்போது மட்டும்தான். இரண்டு திகதியும் ஒரே பக்கத்தில் இருந்தால் வெறும் கழித்தல் போதும். ஜூலியஸ் சீசர் கொல்லப்பட்டது கி.மு. 44 மார்ச் 15இல். அன்று ஒகஸ்டஸுக்கு என்ன வயது? 63இல் 44 போனால் 19. பிறந்தநாள் செப்டம்பரில் என்பதால் பூர்த்தியானது 18. இங்கே இன்னொரு தடுமாற்றம் வரும். கி.மு.வில் ஆண்டு இலக்கம் இறங்கிக்கொண்டே போவதால், மாதங்களும் தலைகீழாகப் போகும் என்று சில பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். அப்படியல்ல. கி.மு. 44இலும் மார்ச் முந்தி, செப்டம்பர் பிந்தி.

மாதம், நாள் தெரியாமல் ஆண்டு மட்டும் கொடுத்திருந்தால் திட்டமான வயது சொல்ல முடியாது. ஒகஸ்டஸுக்கு 63, 14 என்று மட்டும் கொடுத்திருந்தால் விடை "75 அல்லது 76" என்றுதான் இருக்கவேண்டும்.

பள்ளிப் பிள்ளைகள் மட்டும் இடறும் இடம் இது என்று எண்ணவேண்டாம். உரோமக் கவிஞர் வேர்ஜில் பிறந்தது கி.மு. 70 ஒக்டோபரில். அவருடைய இரண்டாயிரமாவது ஆண்டை 1930இல் கொண்டாடினார்கள். இத்தாலி தபால் முத்திரையும் வெளியிட்டது. 70உம் 1930உம் இரண்டாயிரம் என்று அழகாகக் கூடுகிறதல்லவா? அந்த அழகில்தான் ஏமாற்றம். உண்மையில் அன்று 1999 ஆண்டுகளே பூர்த்தியாகியிருந்தன. கிரேக்கர்கள் பாரசீகரை மரதன் வெளியில் வென்றது கி.மு. 490இல். 2010இல் அதென்ஸ் நகரின் மரதன் ஓட்டத்தை 2500ஆவது ஆண்டு நிறைவு என்று நடத்தினார்கள். அதுவும் ஓராண்டு முந்தியது. 2500இலிருந்து 490ஐக் கழித்து ஒன்றைக் கூட்டினால் 2011 வரும். (வருங்கால ஆண்டைத் தேடும்போது கூட்டவேண்டும், இடைவெளியைத் தேடும்போது கழிக்கவேண்டும்.) பத்து ஆண்டு கழித்து, கி.மு. 480இல் நடந்த தேர்மோபிலே, சலாமிஸ் போர்களுக்கு 2020இல் விழா எடுத்தபோதும் அதே கதை.

வானியலாளர்கள் மட்டும் இந்தத் தொல்லையைத் தங்களுக்கென்று தீர்த்துக்கொண்டார்கள். பிரான்ஸின் ஜக் கசினி 1740இல் வெளியிட்ட அட்டவணைகளில் கி.மு. 1ஐ 0 என்று எழுதினார். கி.மு. 2 என்பது −1. ஒகஸ்டஸ் பிறந்த கி.மு. 63 என்பது −62. இப்போது 14இலிருந்து −62ஐக் கழித்தால் நேராக 76; தனியாக ஒன்றைக் கழிக்கத் தேவையில்லை. ஆனால் இந்த இலக்கத்தைச் சரித்திரப் புத்தகத்துக்குக் கொண்டுவரும்போது கவனம் வேண்டும். கி.மு. 585 மே 28இல் ஒரு சூரிய கிரகணம் நிகழ்ந்தது. கிரகணப் பட்டியலில் அதன் ஆண்டு −584 என்று இருக்கும். கழித்தல் குறியை அழித்துவிட்டு கி.மு. 584 என்று எழுதினால் கிரகணம் ஓராண்டு தள்ளிப்போய்விடும்.

எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிள்ளைக்கு நான் ஒரு கணக்குக் கொடுத்தேன். ஒகஸ்டஸுக்குப் பின் ஆட்சிக்கு வந்த திபேரியஸ் கி.மு. 42 நவம்பர் 16இல் பிறந்து, கி.பி. 37 மார்ச் 16இல் இறந்தவர். அவளே போட்டாள். 42உம் 37உம் 79. நடுவில் இல்லாத ஆண்டுக்கு ஒன்று போக 78. நவம்பர் வரவில்லை, 77.

"அவர் தமது 78ஆவது வயதில் இறந்தார் என்று டசிட்டஸ் என்ற வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறாரே?" என்று வேண்டுமென்றே கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு சிரித்தாள். "77 முடிஞ்சு 78 நடந்துகொண்டிருந்திச்சு மாமா. தம்பிக்கு மூணு நடக்குது என்று உம்மா சொல்ற மாதிரி."

மறுநாள் இரண்டு கணக்கையும் பிறந்தநாள் எண்ணிக்கையோடு சுத்தமாக எழுதி எடுத்துக்கொண்டு போனாள். டீச்சர் வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லையாம். பாடம் முடிந்த பிறகு, "கொப்பியைத் தந்துவிட்டுப் போங்க, மற்ற வகுப்புக்கும் காட்டவேண்டும்" என்று கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாராம்.