மாமா கொள்வனவாளர் அல்ல

சாவகச்சேரியில் மிளகாய்த்தூள் வறுத்துத் திரித்துப் பைகளில் அடைக்கும் சிறு உற்பத்தியாளரிடம் ஏற்றுமதி பற்றிப் பேசினால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "ரொறன்ரோவில மாமா இருக்கிறார், லண்டனில மச்சாள் இருக்கிறா, அவையள் பாத்துக்கொள்ளுவினம்." தென்மராட்சியில் ஏறத்தாழ எல்லாரும் நம்பும் இந்தக் கணக்குப் பிழையானது. பயணப்பெட்டியில் போகும் பத்துக் கிலோ தூள் அன்பளிப்பு. அதை உண்பவர் பாராட்டுவார், அடுத்த ஆண்டும் கேட்பார். ஆனால் ஐந்நூறு கிலோவை இறக்கி, வரி கட்டி, களஞ்சியத்தில் வைத்து, கடைகளுக்குப் பிரித்துக் கொடுப்பது வேறு தொழில்.

அந்தத் தொழிலுக்குச் சட்டமும் உண்டு. கனடாவில் 2019 ஜனவரியிலிருந்து நடைமுறையில் உள்ள உணவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளின்படி, விற்பனைக்கு உணவு இறக்குமதி செய்பவரிடம் அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். பைகளில் ஆங்கிலத்துடன் பிரெஞ்சும் அச்சிடப்பட வேண்டும். மாமாவிடம் அனுமதிப்பத்திரம் இல்லையென்றால், அவர் எவ்வளவு நல்லவராயினும் கொள்வனவாளராக முடியாது.

உறவினர்களால் பயனே இல்லை என்பதல்ல இதன் பொருள். அவர்களுக்குக் கொடுக்க வேண்டிய வேலை வேறு. இலங்கைத் தூள் விற்கும் ஐந்தாறு கடைகளுக்குப் போய், அங்குள்ள பைகளின் பின்பக்கத்தையும் விலைச்சீட்டையும் படமெடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். பின்பக்கத்தில் பெரும்பாலும் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் இருக்கும். உண்மையான முதல் கொள்வனவாளர் பட்டியல் அதுதான். ஏற்றுமதி அபிவிருத்திச் சபையின் கண்காட்சிகளும் உதவும். ஆனால் தூள் எந்தக் கடையில், யார் மூலம், என்ன விலைக்கு விற்கிறது என்பதைப் பைகளின் பின்பக்கமும் விலைச்சீட்டும் செலவில்லாமல் சொல்லிவிடும்.

அடுத்த பிழை மாதிரியில் நடக்கிறது. இறக்குமதியாளர் கேட்டதும், வீட்டுக்கென்று தனியாகப் பார்த்துப் பார்த்து வறுத்த தூளை அனுப்பிவிடுகிறார்கள். மாதிரி மிக நன்றாக இருப்பதுதான் ஆபத்து. ஐந்நூறு கிலோவிலும் அதே நிறமும் காரமும் வராவிட்டால் சரக்கு மறுக்கப்படும். மாதிரியை வழமையான ஆலைத் தொகுதி ஒன்றிலிருந்தே எடுத்து, தொகுதி எண்ணும் திகதியும் இட்டு, அதே தொகுதியிலிருந்து ஒரு பையை முத்திரையிட்டு ஆலையிலேயே வைத்திருக்க வேண்டும். பின்னர் தகராறு வந்தால் அந்தப் பைதான் சாட்சி. மாதிரியுடன் ஆய்வுகூட அறிக்கையும் போக வேண்டும். சரியாகக் காயாத மிளகாயில் பூஞ்சணம் பிடித்தால் அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது. மிளகாய்த்தூளில் அதன் மொத்த அளவு கிலோவுக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு. வறுப்பதால் அந்த நஞ்சு முற்றாகப் போய்விடாது. கண்ணுக்கும் நாக்குக்கும் அது தெரியாது.

விலையில்தான் பெரிய நட்டம். ஆலைவாசலில் கிலோ 1,800 ரூபாய், டொலர் 300 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், கிலோ 6 டொலர் என்று உற்பத்தியாளர் சொல்லிவிடுகிறார். "எஃப்.ஓ.பி. கொழும்பா?" என்று கேட்டால், பொருள் விளங்காமலே ஓம் என்கிறார். அந்தச் சொல்லின்படி கொழும்புத் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றும்வரை எல்லாச் செலவும் விற்பவருடையது. 500 கிலோவின் ஆலைவிலை 900,000 ரூபாய். ஏற்றுமதிப் பெட்டியும் பலகைத் தட்டும் 45,000, ஏ9 வீதியால் கொழும்புக்கு லொறி 35,000, ஆய்வும் சுங்க ஆவணங்களும் முகவர் கட்டணமும் 70,000, துறைமுகச் செலவு 30,000 என்றால் மொத்தம் 1,080,000 ஆகிறது. அதாவது கிலோ 7.20 டொலர். ஆறு டொலருக்கு ஒப்புக்கொண்டவர் 180,000 ரூபாயைக் கையிலிருந்து போடுகிறார். கப்பல் கூலியும் காப்புறுதியும் சேர்த்த சி.ஐ.எஃப். விலை இதற்கும் மேலே. சிறு சரக்கு மற்றவர்களின் பெட்டிகளோடு ஒரே கொள்கலனில் போவதால், கொழும்புக் களஞ்சியத்தில் ஒப்படைப்பதோடு பொறுப்பு முடியும் எஃப்.சி.ஏ. என்ற நிபந்தனையே இன்னும் பொருத்தம். எந்த நிபந்தனையானாலும் இடப்பெயரும், விலை எந்தத் திகதிவரை செல்லும் என்பதும் எழுதப்படாத விலைக்குறிப்பு வெறும் பேச்சு.

பணம் வரும் வழியிலும் உறவு நம்பிக்கை குறுக்கிடுகிறது. "தெரிஞ்ச ஆள்தானே" என்று முழுச் சரக்கையும் கடனுக்கு அனுப்பி, காசை உண்டியலில் பெறுகிறார்கள். முதல் கொள்வனவுக்கு முப்பது வீதம் முற்பணம், மீதி கப்பல் ஆவணத்தின் பிரதியைக் கண்டதும் என்பது கேட்கக்கூடிய நிபந்தனையே. மூல ஆவணம் முழுப்பணம் வந்த பிறகே கைமாற வேண்டும். ஏற்றுமதி வருமானம் 180 நாட்களுக்குள் இலங்கைக்கு வந்து சேர வேண்டும் என்பது மத்திய வங்கியின் விதி. உண்டியலில் வந்த காசு வங்கிப் பதிவில் ஏறாது. அடுத்த சரக்குக்குக் கடன் கேட்டு வங்கிக்குப் போகும்போது, அந்த உற்பத்தியாளர் இதுவரை எதையும் ஏற்றுமதி செய்யாதவர்தான்.