ஆறு படமும் சரி, கதை எங்க?

தரம் 3, தரம் 4 பிள்ளைகளுக்கெண்டு கடைகளில் விக்கிற தமிழ்ப் பயிற்சிப் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். இப்படி ஒரு பக்கம் அடிக்கடி தட்டுப்படும்: குழம்பிய ஒழுங்கில் நாலு அல்லது ஆறு படங்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு சின்னப் பெட்டி, மேலே "படங்களை ஒழுங்குபடுத்தி இலக்கமிடுக" எண்டு ஒரு வரி. பிள்ளை இலக்கம் போடும். டீச்சர் சரி போடுவா. அம்மா கொப்பியைப் பார்த்திட்டு, பிள்ளைக்குக் கதை விளங்கிட்டுது எண்டு நம்புவா.

எங்கட சண்டை இந்தப் பக்கத்தோடதான். படத்தொடர் கெட்ட சாமான் எண்டு நாங்கள் சொல்ல வரவில்லை. வாசிச்சு விளங்கிக்கொள்ளக் கஷ்டப்படுகிற பிள்ளைக்கு அது ஒரு நல்ல ஊன்றுகோல். ஆனால் இலக்கம் போடுறதோட அந்த வேலை முடிஞ்சுது எண்டு நினைக்கிறது, ஊன்றுகோலை வாங்கிக் குடுத்திட்டு பிள்ளை நடந்திட்டுது எண்டு சொல்ற மாதிரி.

படுவான்கரைக் கிராமமொன்றில் சனிக்கிழமை பின்னேரங்களில் நாங்கள் நடத்துகிற வாசிப்பு வகுப்பில் நடந்ததைச் சொன்னால் எங்கட கோபம் விளங்கும். ஒரு சின்னக் கதை எழுதி, அதுக்கு ஆறு படம் கீறினோம். முதல் படத்தில் விடியக்காலை, ஒரு சிறுமியும் அவளின்ட அப்பப்பாவும் வாவிக் கரையில் தோணிக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். இரண்டாவதில் வலை இழுக்கிறார்கள், பறி நிறைய மீன். மூன்றாவதில் கரைக்கு வந்தாச்சு. அப்பப்பா வலையை உதறுகிறார், சிறுமி தோணியைக் கண்டல் மரத்தில் கட்டுகிறாள், ஆனால் தெருவில நிண்டு கை காட்டிக் கூப்பிடுகிற சிநேகிதிகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள், கயிறு தளர்வாக் கிடக்குது. நாலாவதில் தோணி மீன் பறியோட நடு வாவியில் மிதக்குது. ஐந்தாவதில் பக்கத்து வீட்டு மாமாவின்ட தோணியில் ஏறிப் பிடிக்கப் போகிறார்கள். ஆறாவதில் தோணி திரும்பி வந்திட்டுது, பறியில் பாதி மீனைக் கொக்கு திண்டிட்டுது, சிறுமி கயிற்றில் இரண்டாவது முடிச்சுப் போடுகிறாள், அப்பப்பா சிரிக்கிறார்.

தரம் 4 படிக்கிற ஒரு பிள்ளை. எழுத்துக் கூட்டாமல் கடகடவெண்டு வாசிப்பா. கதையை வாசிச்சா, படங்களை ஒரு நிமிசத்தில் சரியா அடுக்கினா. பிறகு கதையைச் சொல்லச் சொன்னோம். அவ சொன்னது இதுதான்:

"ஒரு பிள்ளையும் அப்பப்பாவும் நிண்டாங்க. மறுகா மீன் பிடிச்சாங்க. மறுகா கயிறு கட்டினா. மறுகா தோணி போயிற்று. மறுகா மாமா வந்தார். மறுகா தோணி வந்திற்று."

ஆறு படம், ஆறு வசனம், ஒழுங்கில் ஒரு பிழையும் இல்லை. பயிற்சிப் புத்தகக் கணக்கில் முழுப் புள்ளி. தோணி ஏன் போனது எண்டு கேட்டோம். "காத்தடிச்சது." கடைசிப் படத்தில் ஏன் ரெண்டு முடிச்சுப் போடுறா? "தெரியா."

அவவுக்குக் கதை விளங்கவில்லை. படங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியா விளங்கியிருக்குது. மூன்றாவது படத்துக்கும் நாலாவது படத்துக்கும் நடுவில ஒரு வெள்ளை இடம் இருக்குதே, அதுக்குள்ளதான் இந்தக் கதையே கிடக்குது: கவனம் வேற எங்கயோ இருந்தபடியால் முடிச்சு தளர்ந்தது, முடிச்சு தளர்ந்தபடியால் தோணி போனது. அதை யாரும் கீறி வைக்கவில்லை, பிள்ளைதான் இட்டு நிரப்ப வேணும். இலக்கம் போடுற பயிற்சி அந்த வெள்ளை இடத்தைத் தொடுறதே இல்லை.

இந்த இடத்தில் ஒரு பக்கச் சண்டையும் இருக்குது. இப்படிச் சொல்ற பிள்ளையைக் கண்டால் எங்கட பெரியாக்கள் உடனே திருத்துவது எதை? "மறுகா" எண்ட சொல்லை. "மறுகா இல்லை மகள், பின்னர் எண்டு சொல்லுங்கோ." பிள்ளையும் திருத்திக்கொள்ளும். பின்னர் மீன் பிடித்தார்கள், பின்னர் கயிறு கட்டினாள், பின்னர் தோணி போனது. கேக்க வடிவா இருக்கும், கதை அதே ஓட்டையோடதான் இருக்கும். மட்டக்களப்புப் பேச்சில ஒரு குறையும் இல்லை. "மறுகா" வந்த எல்லா இடத்திலும் அது மட்டும்தான் வந்தது, "ஏனெண்டா"வும் "அதனால"வும் "ஆனா"வும் ஒருக்காலும் வரவில்லை எண்டதுதான் குறை. போதாததுக்கு, நடுவில நிப்பாட்டிச் சொல் திருத்தினால், விளக்கம் குறைந்த பிள்ளைக்குக் கையில் பிடிச்சிருந்த நூலும் அறுந்திடும். எழுத்துத் தமிழை எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம்.

சரளமா வாசிக்கிற, ஆனால் விளங்கிக்கொள்ளாத பிள்ளைகளைப் பற்றி நிறைய வேலை செய்தவர்கள் பிரித்தானிய ஆய்வாளர்களான கேட் கெய்னும் ஜேன் ஓக்ஹில்லும். 1996 இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வொன்றில் இப்படிப்பட்ட பிள்ளைகளைக் கதை சொல்ல வைத்தார்கள். தலைப்பை மட்டும் குடுத்தபோது கதைகள் துண்டு துண்டாகச் சிதறின. படத்தொடரைக் குடுத்தபோது கதைக்கு ஒரு கட்டுக்கோப்பு வந்தது. இதை வாசிச்சிட்டு "பாத்தீங்களா, படம் குடுத்தால் சரி" எண்டு சொல்வோர் உண்டு. நாங்கள் அதை மற்றப் பக்கத்தால் வாசிக்கிறோம். அந்தக் கட்டுக்கோப்பு படத்திலிருந்து வந்தது, பிள்ளை கடன் வாங்கினது. கடனைக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பிக் குடுக்கப் பழக்காவிட்டால், படத்தை எடுத்த அண்டைக்குப் பிள்ளை பழைய இடத்திலதான் நிக்கும்.

அதனால் நாங்கள் செய்கிற ஒழுங்கு இது. முதலில் கதையை நாங்களே வாசிச்சுக் காட்டுவோம், படத்தொடர் மேசையில் விரிச்சிருக்கும். எழுத்தோட மல்லுக்கட்டுகிற பிள்ளையும் இதால் கதைக்குள்ள வந்திடும், அதின்ட வாசிப்புக் கஷ்டத்தை வேற நேரத்தில் தனியாத்தான் பார்க்க வேணும். பிறகு விரலைப் படத்தில வைக்காமல் இரண்டு படத்துக்கு நடுவில வைத்துக் கேட்போம்: "இதிலேருந்து இதுக்கு எப்படி வந்தது?" பிள்ளை "ஏனெண்டா" எண்டு தொடங்கும் வரைக்கும் பொறுத்திருப்போம். பதிலை நாங்கள் எடுத்துக் குடுத்தால் எல்லாம் பாழ்.

அடுத்து, பிள்ளை படங்களைத் தன்ட பக்கமாகப் பிடிச்சுக்கொண்டு, அதைப் பார்க்காத இன்னொரு பிள்ளைக்குக் கதை சொல்ல வேணும். இது சின்ன விசயமாத் தெரியும், ஆனால் முக்கியம். கேக்கிற ஆளுக்கும் படம் தெரிஞ்சால் பிள்ளை "இங்க இது போகுது, இது இப்பிடி நிக்குது" எண்டு விரலால் காட்டித் தப்பிவிடும். நிகழ்காலமும் "இங்க", "இது" எண்ட சொற்களும் நிறைய வந்தால் பிள்ளை படத்தைத்தான் சொல்லுது, கதையை இல்லை எண்டு கண்டுபிடிக்கலாம். கதை சொல்லத் தொடங்கின பிள்ளை "போனா", "கட்டினா" எண்டு இறந்தகாலத்துக்கு மாறிவிடும். பல மொழிப் பிள்ளைகளின்ட கதை சொல்லும் திறனை அளக்கவெண்டு 2012 இல் பெர்லினிலிருந்து வந்த ‘மெயின்’ எண்ட கருவியிலும் ஒவ்வொரு கதைக்கும் ஆறு படங்கள்தான். கேக்கிறவருக்குப் படம் தெரியாத மாதிரித்தான் பிள்ளை அதைப் பிடிச்சிருக்க வேணும்.

அடுத்த கிழமை ஒரு கேள்வி: "ஒரு படத்தைக் கிழிச்சுப் போடலாம் எண்டால் எதைப் போடுவீங்க?" இதுதான் பிரதான கருத்தைப் பிடிக்க நாங்கள் கண்ட நல்ல வழி. "இக்கதையின் மையக்கருத்து யாது" எண்டு கேட்டால் தரம் 4 பிள்ளை முகட்டைப் பார்க்கும். படத்தைக் கிழிக்கச் சொன்னால் யோசிக்கும், பக்கத்துப் பிள்ளையோட சண்டை பிடிக்கும். வலை இழுக்கிற இரண்டாவது படத்தை எடுத்தாலும் கதை நிக்குது, பறி நாலாவது படத்திலயும் இருக்குதே. மூன்றாவதை எடுத்தால் தோணி ஏன் போனது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. எதை இழந்தால் கதை விழுந்திடும் எண்டு பிள்ளைக்குப் பிடிபட்டால், தலைப்பை அதே வைக்கும். எங்கட பிள்ளைகள் வைத்த தலைப்புகளில் ஒன்று "ரெண்டு முடிச்சு". நாங்கள் வைத்த தலைப்பை விட அது நல்லம்.

பிறகு இரண்டு படத்தைக் கவிழ்த்து வைத்துச் சொல்ல வைப்போம், பிறகு நாலை, கடைசியில் எல்லாவற்றையும். இடையில் ஒரு கிழமை விட்டும் ஒருக்காச் சொல்ல வைக்க வேணும், அண்டைக்கே சொன்னது நினைவில் தங்கினதுக்குச் சாட்சி ஆகாது.

புள்ளி போடுற விதத்திலும் எங்களுக்கு ஒரு வழக்கு இருக்குது. நாங்கள் இரண்டு கணக்கு வைக்கிறோம்: ஆறு நிகழ்வுகள், அவற்றுக்கு நடுவில ஐந்து தொடுப்புகள். மேலே சொன்ன பிள்ளைக்கு முதல் நாள் நிகழ்வு 6, தொடுப்பு 0. நாலாவது கிழமை, படம் எதுவும் இல்லாமல் அவ சொன்னது: "அவ கூட்டாளிமாரைப் பாத்துக்கொண்டு கயிறு கட்டினா, அதனால முடிச்சு வடிவா விழல்ல. மறுகா காத்து வந்து தோணியைக் கொண்டு போயிற்று. மீன் அதுக்குள்ள தானே, அதான் மாமாட தோணியில போனாங்க. ஆனா கொக்கு திண்டிற்று. அதான் அவ ரெண்டு முடிச்சுப் போட்டா." முதல் இரண்டு படத்தையும் தனியாச் சொல்லவில்லை, நேரா கயிற்றில் தொடங்கிட்டா. நிகழ்வு 4, தொடுப்பு 3. பயிற்சிப் புத்தகம் இந்தப் பிள்ளைக்கு முதல் நாளை விடக் குறைச்சல் புள்ளிதான் போடும். கதை விளங்கின நாளில் புள்ளியைக் குறைக்கிற அளவுகோலை ஏன் கையில் வைச்சிருக்கிறீங்க எண்டுதான் கேக்கிறம்.

"முப்பத்தஞ்சு பிள்ளையை வைச்சுக்கொண்டு இதெல்லாம் நடக்குமா? ஸ்கொலசிப் வருகுது" எண்டு ஒரு சேர் எங்களிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ஒவ்வொரு பிள்ளையையும் டீச்சரே கேக்க வேணும் எண்டால் நடக்காது. சோடி சோடியாக விட்டால் பதினைந்து நிமிசத்தில் எல்லாரும் ஒருக்காச் சொல்லி முடிக்கலாம், டீச்சர் ஒரு நாளைக்கு மூன்று பேரை மட்டும் பக்கத்தில நிண்டு கேட்டால் போதும். படம் கீறத் தெரிய வேண்டியதில்லை, குச்சி மனிசர் போதும். வடிவான, நிறம் நிறைந்த படத்தில் பிள்ளைகள் மீனையும் கொக்கையும் பார்த்துக்கொண்டு கதையை விட்டுவிடுகிறதையும் கண்டிருக்கிறோம்.

கூச்சப்படுகிற பிள்ளை விசயத்தில் மட்டும் இந்தக் கணக்கு ஏமாத்தும். வாய் திறக்காத பிள்ளைக்கும் விளக்கம் இருக்கலாம். அப்படிப்பட்ட ஒருத்தரிடம் கதையில் இல்லாத இரண்டு படத்தைக் கூடுதலாகக் குடுத்தோம். ஒன்றில் சிறுமி தோணியை இறுக்கிக் கட்டுகிறாள், மற்றதில் கயிறு அறுந்து தொங்குகிறது. "தோணி போனதுக்கு எது காரணம்?" எண்டு கேட்டோம். இரண்டையும் தள்ளிவிட்டு, சிநேகிதிகள் கை காட்டுகிற மூன்றாவது படத்தில் அந்தப் பொடியன் விரலை வைச்சான். ஒரு சொல்லும் பேசவில்லை. அவனுக்கு நாங்கள் தொடுப்பில் ஒரு புள்ளி போட்டோம்.