மூன்று இனம், இரண்டு குழு

கே-மீன்ஸிடம் எத்தனை குழு கேட்டாலும் பிரித்துக் கொடுத்துவிடும், குழுவே இல்லாத தரவிலும். அதனால் மதிப்பெண்ணை மட்டும் நம்பி எண்ணிக்கையை முடிவுசெய்வது தவறு என்பேன். ஃபிஷர் 1936-இல் வெளியிட்ட ஐரிஸ் தரவையே பாருங்கள்: மூன்று இனம், இனத்துக்கு 50 பூ. சில்லவுட் மதிப்பெண்ணோ இரண்டு குழுவுக்கு சுமார் 0.68, மூன்றுக்கு 0.55. அதன் பேச்சைக் கேட்டால் வெர்சிகலரும் வர்ஜினிகாவும் ஒன்றாகிவிடும். சரி, மூன்றே கேட்போம் என்றால், செட்டோசாவின் 50 பூவும் அழகாகத் தனியே நிற்கின்றன. ஆனால் வர்ஜினிகாவில் 14 பூக்கள் வெர்சிகலர் பக்கம் போய்விடுகின்றன. மையத்துக்கு எது அருகில் என்று மட்டுமே பார்க்கும் முறைக்கு, நீண்டு ஒட்டிக் கிடக்கும் இரண்டு கூட்டங்களைப் பிரிக்கத் தெரியாது. பூக்கள் இடம் மாறியது தெரிந்ததுகூட, தாவரவியலாளர் ஒவ்வொரு பூவுக்கும் இனப்பெயர் குறித்து வைத்திருந்ததால்தான். வாடிக்கையாளர் தரவில் அப்படி யார் குறித்து வைத்திருக்கிறார்கள்? அங்கே பிரிக்கும்போது சேர்க்காத ஒரு விவரத்தை, மறு கொள்முதல் போன்ற ஒன்றை, எடுத்து, குழுவுக்குக் குழு அது மாறுகிறதா என்று பார்த்தே தீர வேண்டும்.