கட்டத்துக்குள் வர வேண்டியது எந்த எண்?

மருத்துவ ஆய்வுச் சுருக்கத்தின் புகைப்படத்தைப் பார்த்து 2×2 அட்டவணை தயாரிக்கும்போது பிழை நேர்வது பெரும்பாலும் சூத்திரத்தில் அல்ல, கட்டங்களை நிரப்புவதில்தான். பச்சிளங்குழந்தைகளின் கடும் மூச்சுச் செயலிழப்புக்கான எக்மோ சிகிச்சையைப் பற்றி 1989இல் வெளியான பாஸ்டன் ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் முதல் நிலையில் எக்மோ பெற்ற 9 குழந்தைகளில் 9 பேரும், வழக்கமான சிகிச்சை பெற்ற 10 பேரில் 6 பேரும் பிழைத்தனர்.

சுருக்கங்களில் இது 9/9, 6/10 என்று அச்சாகும். கட்டங்களுக்குள் வர வேண்டியவை பிழைத்தோரும் இறந்தோரும்: 9, 0, 6, 4. சாய்கோட்டுக்குக் கீழுள்ள 10 மொத்த எண்ணிக்கை. அதையே இறந்தோர் என்று இட்டால் 19 குழந்தைகள் 25 ஆகிவிடுவார்கள், பி-மதிப்பும் 0.003க்கு இறங்கிவிடும்.

சரியான அட்டவணையில் ஃபிஷர் சோதனையைக் கையாலேயே போட்டுவிடலாம். சிகிச்சையால் வேறுபாடே இல்லை என்று கொண்டால், இறந்த நால்வர் 19 பேரில் எவராகவும் இருந்திருக்கலாம். 19இல் 4 பேரைத் தேர்வு செய்யும் வழிகள் 3876. நால்வரும் வழக்கமான சிகிச்சைப் பிரிவின் 10 பேருக்குள் அடங்கும் வழிகள் 210. ஆகவே ஒருபுற பி-மதிப்பு 0.054. நால்வரும் எக்மோ பிரிவில் அமையும் 126 வழிகள் இதைவிட அரிதானவை. அவற்றையும் கூட்டினால் 336/3876, அதாவது இருபுற மதிப்பு 0.087. R-இல் இதே கணக்கு:

```
fisher.test(matrix(c(9,6,0,4),2))
```

இங்கே கை-வர்க்கச் சோதனையை நம்ப இயலாது. இறப்புக் கட்டங்களில் எதிர்பார்க்கப்படும் எண்ணிக்கை இரண்டை ஒட்டியே உள்ளது. யேட்ஸ் திருத்தம் இல்லாமல் 0.033, திருத்தத்துடன் 0.116 என ஒரே அட்டவணைக்கு இரு முடிவுகள் வரும்.

மங்கலான படத்தில் 6ஐ 5 என்று வாசிப்பதும் எளிது. அந்த ஒரு குழந்தையால் இருபுற மதிப்பு 0.087இலிருந்து 0.033 ஆகி, 0.05 என்ற கோட்டைத் தாண்டிவிடும். எனவே பிழைத்தோர், இறந்தோர் இரண்டும் சேர்ந்து அந்தப் பிரிவின் மொத்தத்தைத் தருகின்றனவா என்று ஒவ்வொரு வரிசையிலும் பார்க்க வேண்டும். பிறகு, சுருக்கத்தில் பி-மதிப்பு இருந்தால் கணக்கை அதோடு ஒப்பிட வேண்டும். அங்கே 0.054 என்றிருந்து கணினி 0.087 காட்டினால் கட்டங்கள் சரியே. அச்சிலிருப்பது ஒருபுற மதிப்பு.

துல்லியச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. ஏதேனும் ஒரு பிரிவில் 4 இறப்புகள் நேர்ந்ததும் சீரற்ற ஒதுக்கீட்டை நிறுத்த வேண்டும் என்பது இந்த ஆய்வின் விதி. ஃபிஷர் கணக்கோ வரிசை, நிரல் மொத்தங்கள் முன்பே நிலைத்தவை என்று கொள்கிறது. நிறுத்த விதி அதில் இடம்பெறுவதில்லை. 0.087 என்பது அட்டவணையைப் பொறுத்தவரை துல்லியம். ஆய்வு நடந்த முறை முழுவதையும் அது அளப்பதில்லை.