அப்பாவின் கண்ணாடியைக் கழற்றும்போது

சிட்னியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். "அப்பா போய் வர்ற ஆவணியோட ஒரு வருஷம். திவசத்துக்குள்ள ஒரு நல்ல படம் பெரிசா போட்டு மாட்டணும். முகம் தெளிவா இருக்கிற படம் ஒண்ணே ஒண்ணுதான். அதுலயும் ஃப்ளாஷ் வெளிச்சம் மூக்குக்கண்ணாடியில அடிச்சு ஒரு கண் வெள்ளையா போயிருக்கு. வீட்டில் இருக்கும்போது அப்பா கண்ணாடி போடமாட்டார், அதனால கண்ணாடியையே எடுத்துட்டேன். அம்மா பார்த்துட்டு, 'நல்லாத்தான் இருக்கு, ஆனா உங்கப்பா மாதிரி இல்லையேடா'ங்கறாங்க. எங்கே தப்பு?" பழைய பிரிண்டின் ஸ்கேனையும், தான் திருத்திய படத்தையும், கண்ணாடி இல்லாத பழைய அடையாள அட்டைப் படம் ஒன்றையும் இணைத்திருந்தார்.

ஃப்ரேமை அவர் சுத்தமாகவே எடுத்திருக்கிறார். ஆனாலும் அம்மா சொல்வது சரி. ஃப்ரேம் போய்விட்டது, லென்ஸ் போகவில்லை. அதாவது, லென்ஸ் வழியாகத் தெரிந்த கண்ணை அப்படியே விட்டுவிட்டார்.

அப்பாவுக்குக் கிட்டப்பார்வை, பவர் மைனஸ் 6. மைனஸ் லென்ஸுக்குப் பின்னால் இருப்பது சின்னதாகத் தெரியும். உங்கள் வீட்டில் யாருடைய கண்ணாடியையாவது செய்தித்தாளுக்கு ஒரு விரல் மேலே பிடித்துப் பாருங்கள், எழுத்து சுருங்குவது தெரியும். வாசிப்புக் கண்ணாடியின் பிளஸ் லென்ஸ் என்றால் எழுத்து பெரிதாகும். கண்ணிலிருந்து வழக்கமான 12 மில்லிமீட்டர் தூரத்தில் உட்காரும் மைனஸ் 6 லென்ஸ், எதிரே நிற்பவருக்கு அந்தக் கண்ணை 7, 8 சதவீதம் சின்னதாகக் காட்டும். கண்ணாடி இருக்கும்வரை இது உறுத்தாது. ஃப்ரேமை எடுத்ததும், பெரிய முகத்தில் சின்னக் கண் வைத்த வேறு யாரோ போல ஆகிவிடும். அம்மா கண்டுபிடித்தது இதைத்தான்.

எவ்வளவு பெரிதாக்குவது என்பதைக் குத்துமதிப்பாக முடிவு செய்ய வேண்டாம், அளந்துவிடலாம். இதற்கு அந்த அடையாள அட்டைப் படம் போதும். இரண்டு படத்திலும் அப்பா நேராகத்தான் பார்க்கிறார், அது முக்கியம். அட்டைப் படத்தில் ஒரு கண்ணின் நடுப்புள்ளியிலிருந்து அடுத்த கண்ணின் நடுப்புள்ளி வரை 324 பிக்ஸல். கருவிழி வட்டத்தின் அகலம் 60. பெரிய படத்தில் நடுப்புள்ளிகளுக்கு இடையே 430 பிக்ஸல். அதே கணக்கில் இங்கே கருவிழி கிட்டத்தட்ட 80 இருக்க வேண்டும். நல்லபடியாகத் தெரியும் கண்ணில் அளந்தால் 74தான் வருகிறது. 80ஐ 74ஆல் வகுத்தால் 1.08. ஆக, 108 சதவீதம். லென்ஸ் கணக்கும் இதைத்தான் சொன்னது.

இனி வேலை வரிசை. இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளை வைத்துச் சொல்கிறேன், மற்றவற்றிலும் கருவிகள் ஏறக்குறைய இவையே. மூலப் படத்தைத் தொடாமல், எல்லாத் திருத்தத்தையும் தனித்தனி லேயரில் செய்யுங்கள். கருவியின் அமைப்பில் Sample merged என்பதை டிக் செய்துகொண்டால், கீழே உள்ள படத்திலிருந்து எடுத்து மேலே உள்ள காலி லேயரில் பூசலாம்.

முதலில் கண். ஃப்ரேமுக்கு உள்ளே லென்ஸ் வழியாகத் தெரியும் பகுதி முழுவதையும், இமையும் கண்ணுக்குக் கீழுள்ள சுருக்கமும் சேர்த்து, ஓரம் மென்மையாக இருக்கும்படி தேர்ந்தெடுத்துப் புது லேயரில் ஒட்டி 108 சதவீதமாக்குங்கள். ஒவ்வொரு கண்ணையும் தனியாகச் செய்ய வேண்டும். நடுப்புள்ளி இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். சரியாகப் பொருத்திய கண்ணாடியில் லென்ஸின் மையம் கண்மணிக்கு நேர் எதிரே இருக்கும், அங்கே படம் நகராது. ஓரத்துக்குப் போகப் போகத்தான் உள்ளே இழுக்கும். இரண்டு கண்ணையும் சேர்த்துப் பெரிதாக்கினால் கண்களுக்கு இடையே உள்ள தூரமும் கூடிவிடும், முகம் மறுபடி மாறிவிடும்.

இப்படிப் பெரிதாக்கும்போது ஃப்ரேமின் உள் ஓரத்தில் கொஞ்சத்தை அதுவே மூடிவிடும். கன்னத்தின் வெளிக்கோடு லென்ஸுக்குள் மட்டும் படிக்கட்டு போல உள்ளே நகர்ந்திருந்ததல்லவா, அதுவும் பெரும்பாலும் நேராகிவிடும். மிச்சத்தை ஃப்ரேமுக்குக் கீழே கன்னம் போகும் கோட்டையும் மேலே நெற்றிப்பொட்டு வரும் கோட்டையும் இணைத்துச் சரிசெய்யுங்கள்.

வெள்ளையாகிப் போன கண்ணுக்கு மற்றக் கண்ணைத் திருப்பிப் போடுவதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். திருப்பலாம், ஆனால் முழுக் கண்ணையும் வேண்டாம். யாருக்கும் இரண்டு கண்ணும் ஒரே மாதிரி இருக்காது. இந்த அப்பாவுக்கு ஒரு இமை கொஞ்சம் இறங்கியிருப்பது அட்டைப் படத்திலும் தெரிகிறது. ஆகவே மூக்கோரம், வெளி ஓரம், கீழ் இமை என வெளிச்சத்துக்குத் தப்பிய அவருடைய சொந்தப் பகுதியை விட்டுவிட்டு, வெள்ளை மூடிய கருவிழிக்கும் மேல் இமைக்கும் மட்டும் திருப்பிய துண்டை வையுங்கள். இமையின் சாய்வை அட்டைப் படத்தைப் பார்த்துச் சரிசெய்யுங்கள். அடுத்தது, கருவிழியில் மின்னும் ஒளிப்புள்ளி. நல்ல கண்ணில் அது கடிகாரத்தின் 10 மணி இடத்தில் இருக்கிறது. திருப்பிய கண்ணில் 2 மணிக்குப் போய்விடும். அப்படியே விட்டால் பார்வை எங்கேயும் நிலைக்காமல் மாறுகண் போலத் தோன்றும். அதை அழித்து 10 மணி இடத்திலேயே வையுங்கள்.

இரண்டாவது, ஃப்ரேமும் புருவ நிழலும். Heal கருவியை நேரடியாக ஃப்ரேம் மேல் ஓட்டினால் சாம்பல் கறை படியும். காரணம், அந்தக் கருவி எடுத்த இடத்தின் தோல் சொரசொரப்பைக் கொண்டுவந்து, நிறத்தை மட்டும் பூசும் இடத்தின் சுற்றுப்புறத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும். பக்கத்தில் கறுப்பு ஃப்ரேம் இருந்தால் அந்தக் கறுப்பை இழுத்துக்கொள்ளும். எனவே முதலில் Clone கருவியால், பக்கத்திலேயே இருக்கும் தோலை எடுத்து, ஃப்ரேமை முழுக்க மூடுங்கள். ஒட்டுப் போட்டது தெரியும், பரவாயில்லை. கறுப்பு சுத்தமாகப் போன பிறகு ஒட்டின் ஓரங்களில் மட்டும் Heal போட்டால் கலந்துவிடும்.

ஃப்ரேமின் மேல் பட்டை புருவத்தின் அடி முடிகளை மறைத்திருக்கும். அந்த முடிகளை அதே புருவத்தின் மேல் பாதியிலிருந்து சின்ன பிரஷ்ஷால், முடி சாயும் திசையிலேயே எடுத்து நிரப்புங்கள்.

புருவத்துக்குக் கீழே இரண்டு நிழல் இருக்கிறது, இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஃப்ரேம் விழுத்திய நிழல் மெல்லிய கோடாக, ஓரம் கூராக இருக்கும். அது போக வேண்டும். புருவ எலும்புக்கும் இமைக்கும் நடுவே உள்ள குழியின் நிழல் அகலமாக, ஓரம் கரைந்து இருக்கும். அது இருந்தே ஆக வேண்டும். கன்னத்திலிருந்து வெளிச்சமான தோலை எடுத்து அங்கே பூசினால் குழி தட்டையாகி, மாவு பூசின மாதிரி ஆகும். இந்தப் படத்தில் அதுவும் கொஞ்சம் நடந்திருக்கிறது. மீட்க வழி உண்டு. மேலே ஒரு காலி லேயர் போட்டு அதன் முறையை Multiply ஆக்கி, மூக்குத்தண்டின் பக்கவாட்டு நிழலிலிருந்தே நிறத்தை எடுத்து, அகலமான மென்மையான பிரஷ்ஷால் 10 சதவீத அழுத்தத்தில் இரண்டு மூன்று முறை தடவுங்கள். கறுப்பு நிறத்தை எடுக்காதீர்கள், நம் தோலில் அது சாம்பலாகத்தான் தெரியும்.

மூன்றாவது, மூக்குத் தழும்பு. கண்ணாடி மூக்கில் உட்காரும் இரண்டு சின்னப் பட்டைகளை அகற்றும்போது, மூக்குத்தண்டின் மேலிருந்து கீழாகத் தோலை எடுங்கள். குறுக்கே எடுத்தால் தண்டின் வெளிச்சக் கோடு உடைந்து, மூக்கு அகலமாகத் தெரியும். பட்டைக்குக் கீழே தெரியும் பள்ளத்தையும் கருத்த தழும்பையும் முழுசாக அழிக்க வேண்டாம். முப்பது வருஷம் கண்ணாடி போட்டவர் அதைக் கழற்றி வைத்தால் அந்தத் தடம் அங்கே இருக்கும். வீட்டில் கண்ணாடி இல்லாமல் அவரைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தடமும் அவர் முகம்தான். தழும்புத் திருத்தத்தைத் தனி லேயரில் செய்து, அந்த லேயரை 50, 60 சதவீதத்துக்குக் குறைத்துவிடுங்கள். அன்றைக்கு அழுந்திய சிவப்பு அடங்கும், பழைய தடம் தங்கும்.

சரியாக வந்ததா என்று பார்க்க, படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். பழகிப்போன கண்ணுக்குத் தெரியாத கோணல் அப்போது தெரியும். பிறகு ஸ்டாம்ப் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். ஒரு கண் குழியும் மற்றது தட்டையும் என்றால் அதில் உடனே காட்டிக்கொடுக்கும். கடைசியில், மாட்டப்போகும் அளவில் ஒரு பிரிண்ட் போட்டு, என்ன செய்தீர்கள் என்று சொல்லாமல் அம்மாவிடம் கொடுங்கள். அவர் முதலில் எதைப் பற்றிப் பேசுகிறார் என்று கவனியுங்கள். கண்ணைப் பற்றி, மூக்கைப் பற்றிப் பேசினால் இன்னும் வேலை பாக்கி. அந்தப் படம் எங்கே எடுத்தது, அன்றைக்கு என்ன சட்டை என்று பேச ஆரம்பித்தால் முடிந்தது.

இரண்டு கண்ணும் வெள்ளையாகி, ஒப்பிட வேறு படமும் இல்லையென்றால் இந்த வேலையில் இறங்க வேண்டாம். அப்போது வைக்கும் கண் யாரோ ஒருவருடையதாகத்தான் இருக்கும். கண்ணாடியை அப்படியே விட்டு, வெளிச்சத்தை மட்டும் மங்கலாக்கினால் போதும், அவர் அவராகவே இருப்பார். பாஸ்போர்ட், விசா படத்துக்கும் இது உதவாது. அமெரிக்கப் பாஸ்போர்ட் படத்தில் 2016 நவம்பர் முதல் கண்ணாடிக்கே இடமில்லை, கம்ப்யூட்டரில் முகத்தைத் திருத்திய படமும் செல்லாது. அதற்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் புதுப் படம் எடுப்பதுதான் வழி.