புளியம்பலகை ஏன் வெடிக்கிறது?

கேள்வி: "எங்கள் கொல்லையில் நின்ற பழைய புளியமரம் ஆடிக் காற்றில் சாய்ந்துவிட்டது. விறகுக்குக் கொடுக்க மனமில்லாமல், எங்கள் மகளிர் குழு சார்பில் ஆசாரியை வைத்துக் காய் நறுக்கும் பலகை 24, பூரிக்கட்டை 10 செய்தோம். தேங்காய் எண்ணெய் தடவி, நன்றாக வெயிலில் காயவைத்துச் சந்தையில் விற்றோம். இரண்டு மாதத்துக்குள் 9 பலகை விரிசல் விட்டுத் திரும்பி வந்துவிட்டது. பூரிக்கட்டையிலும் நான்கு வெடித்துவிட்டன. புளி இதற்கு ஆகாத மரமா? எந்த எண்ணெய் தடவ வேண்டும்? இன்னும் பாதி மரம் கிடக்கிறது, அதை என்ன செய்வது?"

- ஒரு வாசகி, ஒரத்தநாடு வட்டம்

பதில்: மரத்தின் மேல் குற்றமில்லை, சகோதரி. நறுக்கும் பலகைக்கு நம் பகுதியில் கிடைக்கும் மரங்களில் புளி மிக நல்ல மரம். கறிக்கடைகளில் வெட்டுக்கட்டையாகப் புளியைத் தேடி வாங்குவது அதன் உறுதிக்காகத்தான். எண்ணெயும் இதற்குக் காரணமில்லை. ஈரம் போகாத மரத்தை அவசரமாகச் சாமானாக்கியதும், நடுமையத்தை நீக்காமல் விட்டதும்தான் காரணங்கள்.

நெல்லை வைத்துப் பார்த்தால் இது எளிதாகப் புரியும். அறுத்த ஈரத்தோடு நெல்லைக் கொளுத்தும் வெயிலில் மெல்லிசாகப் பரப்பி ஒரே மூச்சில் காயவைத்தால் என்ன ஆகும்? மேல்பக்கம் சீக்கிரம் காய்ந்து சுருங்கும். உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். அந்த இழுபறியில் அரிசிக்குள் வெடிப்பு விழுந்து, மில்லில் நொய்யாகப் போகும். மரத்துக்கும் அதே கதைதான். நீங்கள் 'நன்றாக வெயிலில் காயவைத்தோம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் பாதி விரிசல் ஆரம்பித்திருக்கிறது.

விரிசல் இருக்கும் இடமே காரணத்தைச் சொல்லும்

திரும்பி வந்த பலகைகளை எடுத்து வரிசையாக வையுங்கள். பலகையின் இரண்டு தலைப்பிலும் சின்னச் சின்னக் கீறலாக விரிசல் இருந்தால், அது தலைப்பு வழியாக ஈரம் வேகமாகப் போனதால் வந்தது. மரத்தின் குழாய்கள் எல்லாம் நீளவாக்கில் ஓடுகின்றன. அதனால் பலகையின் முகத்தைவிட வெட்டிய தலைப்பு வழியாக நீர் பல மடங்கு வேகமாக வெளியேறும். தலைப்பு சுருங்கும், நடுப்பகுதி சுருங்காது, தலைப்பு கிழியும்.

பலகையின் நடுவே நீளமாக ஒரே விரிசல் ஓடியிருந்தால், தலைப்பைத் திருப்பிப் பாருங்கள். அங்கே வளையங்கள் எல்லாம் ஒரு புள்ளியைச் சுற்றி வட்டமாக இருக்கும். அந்தப் புள்ளிதான் மரத்தின் நடுமையம். மரம் காயும்போது மையத்திலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைவிட, வளையத்தின் சுற்றுவாட்டில் ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். சுற்றளவு குறையும்போது அந்த அளவுக்கு விட்டம் குறையாவிட்டால் எங்கேயாவது வாய் திறந்துதான் ஆக வேண்டும். நடுமையம் உள்ளே இருக்கும் எந்தத் துண்டும், எவ்வளவு எண்ணெய் தடவினாலும், பெரும்பாலும் வெடித்தே தீரும்.

உங்கள் பூரிக்கட்டைகள் வெடித்ததும் இதனால்தான் என்று நினைக்கிறேன். கைப்பிடி மொத்தமுள்ள கிளையைப் பட்டை உரித்து அப்படியே கடைந்தால், நடுமையம் கட்டையின் சரி நடுவில் மாட்டிக்கொள்ளும். பெரிய கட்டையை நான்காகப் பிளந்து, அதில் மையமில்லாத காலை எடுத்துக் கடைந்தால் இந்தத் தொல்லை வராது.

விரிசல் இல்லாமல் பலகை தொன்னை போல வளைந்திருந்தால், அது ஒரு முகம் மட்டும் நனைந்ததாலோ ஒரு முகம் மட்டும் காய்ந்ததாலோ வந்தது.

கிடக்கும் பாதி மரத்தை என்ன செய்வது?

இன்றைக்கே கட்டையின் இரண்டு வெட்டுமுகத்திலும் பழைய பெயிண்டையோ உருக்கிய மெழுகையோ கனமாகப் பூசுங்கள். ஏற்கனவே வெடித்திருந்தால் வெடித்த பகுதியை அறுத்துத் தள்ளிவிட்டுப் பூசுங்கள். பிறகு தாமதிக்காமல் அறுவை மில்லுக்குக் கொண்டுபோங்கள்.

கட்டை 16 அங்குல விட்டம் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் 2 அங்குலப் பலகை ஒன்றை முதலில் அறுத்து எடுக்கச் சொல்லுங்கள். நடுமையம் அதற்குள் போய்விடும். அது விறகுக்குப் போகட்டும். மீதியுள்ள இரண்டு பக்கத்தையும் ஒன்றேகால் அங்குலக் கனத்தில் அறுத்தால், காய்ந்து இழைத்த பிறகு ஒரு அங்குலம் நிற்கும். ஓர் அடித் துண்டுகளாக இப்போதே வெட்ட வேண்டாம். நான்கு அடி நீளமாகவே வைத்துக் காயவிடுங்கள். தலைப்பில் வரும் கீறலை மட்டும் பிறகு வெட்டி எறிந்தால் போதும். சின்னத் துண்டாகக் காயவைத்தால் ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு தலைப்பு, ஒவ்வொன்றும் கீறும்.

அறுத்த பலகையின் தலைப்புகளிலும் பெயிண்ட் பூசி, காற்றோட்டமுள்ள கொட்டகையில் செங்கல் மேல் அடுக்குங்கள். ஒவ்வொரு பலகைக்கும் இடையில் ஒன்றரை அடிக்கு ஒரு ரீப்பர் வையுங்கள். ரீப்பர்கள் மேலும் கீழும் ஒரே நேராக இருக்க வேண்டும். தவறினால் பலகை வளையும். மேலே கனமான கல் வையுங்கள். வெயிலும் சாரலும் படக் கூடாது.

எத்தனை மாதம் என்று கேட்பீர்கள். புளி போன்ற கெட்டி மரத்தின் ஒன்றேகால் அங்குலப் பலகைக்கு நம் ஊரில் ஏறக்குறைய ஆறு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நாள்காட்டியைவிடத் தராசை நம்புங்கள். பலகையின் நடுப்பகுதியிலிருந்து ஓர் அடித் துண்டு ஒன்றை வெட்டி, அதன் தலைப்புக்கும் பெயிண்ட் பூசி, எடை போட்டுத் தேதியோடு எழுதி அடுக்கிலேயே வையுங்கள். வாரம் ஒருமுறை எடை போடுங்கள். உதாரணமாக முதலில் 2 கிலோ 100 கிராம் இருந்த துண்டு முதல் மாதத்தில் வேகமாக இறங்கும், பிறகு மெதுவாக இறங்கி 1 கிலோ 600-க்கு வந்து நிற்கும். ஒரு பலகையிலிருந்து அரை லிட்டர் தண்ணீர் போயிருக்கிறது! தொடர்ந்து மூன்று வாரம் எடை மாறாமல் நின்றால் மரம் தயார்.

ஒரு எச்சரிக்கை. ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரமாக இருக்கும். அப்போது எடை நின்றுவிட்டது போலத் தெரியும், கூடவும் செய்யும். அதை நம்பி அறுத்துவிடாதீர்கள். தை பிறந்த பிறகு எடுக்கும் கணக்குத்தான் கணக்கு. நம் மாவட்டத்து நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் செய்பவர்கள், பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்தைத் தேடி வாங்குவது இதனால்தான். பல பத்தாண்டு காய்ந்த மரம் இனிமேல் அசையாது. அந்த நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நீங்களும் பழைய மரம் வாங்கலாம், ஆனால் பெயிண்ட் அடித்த கதவு, ஜன்னல் மரத்தில் சமையல் பலகை செய்யாதீர்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும்.

வேறு எந்த மரம்?

புளி இல்லாதவர்களுக்கு வாய்க்கால் கரைப் பூவரசு நல்லது. நெருக்கமான மரம் என்பதால் பூரிக்கட்டை கடைய வழவழப்பாக வரும். வேம்பும் ஆகும், முதலில் கொஞ்சம் கசப்பு வாடை இருக்கும். தஞ்சாவூர் வீணைக்கு உதவும் பலா, சப்பாத்தி தேய்க்கும் பலகைக்குப் பொருந்தும். புதிதில் மஞ்சள் சாயம் இறங்கும். மா மலிவு, ஆனால் சீக்கிரம் உளுக்கும். எந்த மரமானாலும் வைரம் பாய்ந்த பகுதியை எடுங்கள். வெளிப்பக்க வெள்ளையில்தான் வண்டு துளைத்து மாவு கொட்டும். எட்டி, அரளி, தில்லை போன்ற நச்சு மரங்களைச் சமையலறைக்குள் கொண்டுவரவே கூடாது.

எண்ணெய் எது, எப்படி?

எண்ணெய் செய்வது ஒரே வேலைதான்: நீர் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் மெதுவாக்கும். ஈர மரத்தை அது காப்பாற்றாது.

நல்லெண்ணெய், கடலை எண்ணெய் வேண்டாம். சில வாரத்தில் பிசுபிசுத்துச் சிக்கு வாடை அடிக்கும். தேங்காய் எண்ணெய் எளிதில் கெடாது என்பதால் பரவாயில்லை. ஆனால் கசடும் ஈரமும் இல்லாமல் தெளிந்ததாக இருக்க வேண்டும். விற்பனைக்குச் செய்பவர்களுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் நல்லது. நிறம், மணம் இல்லை, சிக்கு வாடை வராது. வாசனை கலக்காததாகக் கேட்டு வாங்குங்கள். வண்டிக்குப் போடும் எண்ணெய், வார்னிஷ், புன்னை எண்ணெய், பெயிண்ட் கடையில் கிடைக்கும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் இவையெல்லாம் உணவு படும் இடத்துக்கு ஆகாது.

பலகையை உப்புத்தாளால் தேய்த்து, ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிடுங்கள். சிலும்பு எழும்பும், மறுபடி தேய்த்தால் பிறகு எழாது. எண்ணெயை இளஞ்சூடாக்கி ஆறு பக்கமும் தடவுங்கள். தலைப்புக்கு இரண்டு மடங்கு தடவுங்கள். இரவு முழுவதும் விட்டு, காலையில் மிச்சத்தைத் துடையுங்கள். நான்கு நாள் இப்படிச் செய்யுங்கள். கடைசியாக, ஒரு பங்கு தேன்மெழுகை நான்கு பங்கு எண்ணெயில் போட்டு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, ஆறவைத்துப் பூசித் துணியால் தேயுங்கள். பூரிக்கட்டைக்கும் இதே முறைதான்.

மறுபடி எப்போது தடவுவது? பலகையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் போதுமானது. ஊறி, அந்த இடம் கறுத்தால் எண்ணெய் வேண்டும். பொதுவாக மாதம் ஒருமுறை போதும். கோடைக்கு முன்பும் மழைக்கு முன்பும் கட்டாயம்.

திரும்பி வந்தவற்றுக்கு வழி

தலைப்பு கீறிய பலகைகளை, கீறல் முடியும் இடத்துக்கு அரை அங்குலம் உள்ளே தள்ளி வெட்டுங்கள். நடுவில் வெடித்ததை விரிசலையும் மையத்தையும் சேர்த்து நீளவாக்கில் அறுத்தெடுத்தால் இரண்டு குறுகலான பலகை கிடைக்கும். பூண்டு, எலுமிச்சை நறுக்க உதவும். இவற்றையும் தராசு நிற்கும் வரை நிழலில் காயவைத்த பிறகே இழைத்து எண்ணெய் தடவுங்கள். மரத்தூளும் பசையும் வைத்து அடைத்து விற்காதீர்கள். மரம் அசைந்ததும் அடைப்பு பெயரும். அந்தச் சந்தில் கறிச்சாறு தங்கிப் புழுத்த வாடை வரும்.

விற்கும் பலகையோடு ஒரு சீட்டு கொடுங்கள். அதில் இந்த நான்கு வரி போதும்: தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். கழுவும்போது இரண்டு முகத்தையும் கழுவி, துடைத்து, நிறுத்திவைத்து நிழலில் காயவிடுங்கள். அடுப்புப் பக்கத்திலோ வெயிலிலோ வைக்காதீர்கள். கறி, மீனுக்குத் தனிப் பலகை வையுங்கள்.

இப்போது அறுத்து அடுக்கினால் மாசிக்கு மேல்தான் அடுத்த பலகை வரும். அதுவரை சந்தையில் முன்பணம் வாங்காதீர்கள்.